ரெக்சின் குஷனா, வெல்வெட் குஷனா? மேசை மேல் ஒரு ஹெட்போனை பிளெண்டரில் அமைக்கும்போது

கருப்பு ஹெட்போன் ஒன்று மர மேசையின் மேல் கிடக்கிறது. அதன் ஒயர் மேசையின் குறுக்கே வளைந்து சென்று ஒரு பிளக்கில் முடிகிறது. பின்புறத்திலிருந்து வரும் மென்மையான ஒளி அதன் ஓரங்களை மட்டும் தீட்டிக் காட்டுகிறது. சொற்களில் விவரிக்க இவ்வளவு போதும். இதையே பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணக் காட்சியாக அமைத்து, அதன் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் எஞ்சினில் படமாக ரெண்டர் செய்ய உட்கார்ந்தால், அந்த விவரிப்பு சொல்லாமல் விட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். குஷனின் மேலுறை என்ன? ஒயருக்கு எவ்வளவு விறைப்பு? ஒளி எந்த உயரத்திலிருந்து, எவ்வளவு அகலமான பரப்பிலிருந்து வருகிறது?

இவற்றை நான் முதலில் தனித்தனிக் கேள்விகளாகவே எடுத்துக்கொண்டேன். மாடலை முடித்து, குஷனுக்கு ஒரு கருப்பு மெட்டீரியல் கொடுத்து, ஒயரை ஒரு வளைகோடாக இழுத்துவிட்டு, கடைசியில் விளக்குகளை வைத்தேன். கிடைத்த படத்தில் ஒயர் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றும் குழாய் போலவும், குஷன் சைக்கிள் டியூப் போலவும் தெரிந்தன. மாடலின் அளவுகளில் பிழை ஏதும் இல்லை. வரிசைதான் தவறு என்பது பிறகு விளங்கியது. பின்னொளியில் எடுக்கும் படத்தில் ஒளியின் இடம் முதலில் முடிவாக வேண்டும். எந்த உறை அந்த ஒளிக்கு ஒத்துப்போகும், ஒயரின் எந்தக் குறை அந்த ஒளியில் அம்பலப்படும் என்பதெல்லாம் அதற்குப் பிறகே தெரியவரும்.

அதற்கு முன் ஹெட்போனா, இயர்பட்ஸா என்ற கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஒயரில்லா இயர்பட்ஸில் காட்டுவதற்கு ஒயரே கிடையாது. ஒயர் உள்ள இயர்போனில் அது உண்டு. ஆனால் குஷன் என்று சொல்லத்தக்கது ஒரு சிலிக்கோன் முனை மட்டுமே. அந்த முனை ஒளியைச் சற்று உள்ளே விடும் பொருள் என்பதால் பின்னொளி பட்டவுடன் மெல்ல ஒளிரும். அதற்கு `Subsurface` அமைப்பில் தனியாக நேரம் செலவாகும். மேலும் பொருள் முழுவதுமே இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், கேமராவை மிக அருகில் கொண்டுபோக வேண்டியிருக்கும்; அங்கே குவியத்தின் ஆழம் குறைந்து, ஒயரின் பெரும்பகுதி மங்கிவிடும். ஒயர், குஷன், விளிம்பொளி ஆகிய மூன்றும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால், காதை முழுவதும் மூடும் பெரிய ஹெட்போனே பொருத்தமானது.

ஒரு பிக்சலுக்கு எத்தனை மில்லிமீட்டர்

இந்த ஒப்பீடு முழுவதற்கும் அளவுகோலாக ஒரு சிறிய கணக்கைப் போட்டுக்கொள்வது நல்லது. என் படத்தின் அகலம் 1920 பிக்சல். ஹெட்போன் இருக்கும் தூரத்தில் அந்தச் சட்டத்துக்குள் மேசையின் 50 சென்டிமீட்டர் அகலம் அடங்குகிறது. ஆகவே ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.26 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒயர் பதினொன்று, பன்னிரண்டு பிக்சல் அகலத்தில் தெரியும். ரெக்சினின் மேற்பரப்பில் உள்ள தானியம் போன்ற புடைப்புகள் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை இருந்தால் இரண்டு முதல் நான்கு பிக்சல். வெல்வெட்டின் பூ, அதாவது மேலே நிற்கும் இழைகளின் உயரம், ஒன்றரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆறு பிக்சல்.

இந்தக் கணக்கு உடனே ஒன்றைத் தீர்த்து வைத்தது. நூல் பின்னிய ஒயர் பார்க்க அழகாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் பின்னலின் ஒவ்வொரு நூலும் ஒரு பிக்சல் அளவுக்கே வரும். அந்த அளவில் பின்னல் தெரியாது. அதற்குப் பதிலாக ஒயர் நெடுகிலும் அலையலையான பொய்க் கோலம் ஒன்று உருவாகும். வழவழப்பான ரப்பர் உறை போதும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். சட்டத்தின் அகலம் 15 சென்டிமீட்டராக இருந்திருந்தால் இந்தத் தீர்ப்பு தலைகீழாகியிருக்கும்.

ஒளி: சூழல் படமா, தனி விளக்குகளா

விளிம்பொளியை இரண்டு வழிகளில் கொண்டுவரலாம். ஒன்று, ஓர் அறையையோ திறந்த வெளியையோ சுற்றிலும் எடுத்த எச்டிஆர்ஐ படத்தைக் காட்சியைச் சூழ வைப்பது. பாலி ஹேவன் தளத்தில் இத்தகைய படங்கள் எந்த உரிமக் கட்டுப்பாடும் இல்லாமல் கிடைக்கின்றன. ஜன்னலுள்ள அறையின் படத்தைத் தேர்ந்தெடுத்து, ஜன்னல் ஹெட்போனுக்குப் பின்னால் வரும்படி சுழற்றினால், ஐந்தே நிமிடங்களில் நம்பத்தக்க ஓர் ஒளி கிடைத்துவிடும். பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் விழும் பிரதிபலிப்புகள் இயல்பாக இருக்கும். ஆனால் உங்கள் கையில் இருப்பது சுழற்றும் உரிமை ஒன்றுதான். ஜன்னலைச் சற்று உயர்த்தவோ, அதன் அகலத்தைக் குறைக்கவோ, வலது ஓரத்தின் ஒளியை மட்டும் தணிக்கவோ வழியில்லை. குஷனில் ஒளிக்கோடு சரியாக விழும் கோணத்தில் மேசையில் கண்ணைக் கூசும் பளபளப்பு வந்தால், இரண்டில் ஒன்றைத் தியாகம் செய்தாக வேண்டும்.

மற்ற வழி, `Area` விளக்குகளைத் தனித்தனியாக வைப்பது. இதற்கு நேரம் பிடிக்கும். பிரதிபலிப்பில் வெறும் வெள்ளைச் செவ்வகங்கள் தெரியும் என்ற குறையும் உண்டு. இருப்பினும் நான் இதையே தேர்ந்தெடுத்தேன். காரணத்தைச் சொல்ல, கருப்புப் பொருளில் விளிம்பொளி எப்படி உருவாகிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக், ரப்பர், ரெக்சின் போன்றவற்றின் ஒளிவிலகல் எண் 1.5 அளவில் இருக்கும். அத்தகைய பரப்பில் ஒளி நேர்க்குத்தாக விழுந்தால் அதில் 4 சதவீதம் மட்டுமே மேற்பரப்பிலிருந்து திரும்பும். செங்குத்துக்கோட்டிலிருந்து 60 பாகைக்குச் சாய்ந்து விழுந்தால் ஏறத்தாழ 9 சதவீதம். 80 பாகையில் ஏறத்தாழ 39 சதவீதம். அதாவது ஒளி பரப்பை உரசிக்கொண்டு செல்லச் செல்ல, கருப்புப் பொருள்கூடக் கண்ணாடியைப் போல் நடந்துகொள்ளத் தொடங்குகிறது. முன்னாலிருந்து எவ்வளவு ஒளி பாய்ச்சினாலும் மந்தமாகவே இருக்கும் ஒரு கருப்பு ஹெட்போன், பின்னாலிருந்து வரும் சிறிய விளக்கில் உயிர்பெறுவது இதனால்தான். பிளெண்டரின் `Principled BSDF` என்ற மெட்டீரியல் அமைப்பு இந்தக் கணக்கைத் தானாகவே செய்துகொள்கிறது. நாம் செய்ய வேண்டியது விளக்கைச் சரியான இடத்தில் வைப்பது.

‘மென்மையான’ விளிம்பொளி என்பதில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. விளக்கின் வலுவைக் குறைத்தால் ஒளி மங்குமே தவிர மென்மையாகாது. மென்மை என்பது பொருளிலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. 60 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பட்டை விளக்கை 70 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தபோது ஒளிக்கோட்டின் ஓரங்கள் மெல்லக் கரைந்தன. அதே விளக்கை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, வலுவைக் கூட்டிச் சரிக்கட்டியபோது, கத்தியால் கீறியது போன்ற கோடு வந்தது.

அடுத்து, மேசை. பின்னாலிருந்து தாழ்வாக வரும் ஒளி ஹெட்போனை உரசுவது போலவே மேசையின் வார்னிஷையும் உரசும். அதே இயற்பியல் அங்கும் வேலை செய்வதால், மேசை முழுவதும் வெள்ளையாகப் பளபளத்து, ஹெட்போனின் விளிம்பை விழுங்கிவிடும். பிளெண்டர் 4.0 முதல் `Light Linking` என்ற வசதி இருப்பதால், இந்த விளக்கு மேசையைத் தொடவே கூடாது என்று கட்டளையிட முடியும். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். மேசை அடங்கியது, ஆனால் ஹெட்போன் வேறொரு புகைப்படத்திலிருந்து வெட்டி ஒட்டியது போல் ஆகிவிட்டது. ஓரத்தில் அவ்வளவு வெளிச்சம் வாங்கும் பொருளின் அருகே மேசை மட்டும் இருட்டாக இருப்பதைக் கண் ஏற்க மறுக்கிறது. ஆகவே அந்த வசதியை விட்டுவிட்டு, விளக்கை மேசைமட்டத்திலிருந்து 45 பாகை அளவுக்கு உயர்த்தி, மேசையின் `Roughness` மதிப்பை 0.6 ஆக்கினேன். மேசையில் ஒரு மங்கலான ஒளித்திட்டு இன்னும் இருக்கிறது; அது இருப்பதுதான் சரி.

குஷன்: இங்கேதான் உண்மையான தேர்வு

ஹெட்போன் குஷன்களில் பெரும்பாலும் காணப்படுபவை இரண்டு வகை. ஒன்று, துணியின் மேல் பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல். நாம் வழக்கில் ரெக்சின் என்போம். மற்றொன்று ‘வெலூர்’ என்று விற்கப்படும் மெத்தென்ற துணி. அப்படி எழுதினால் வாசிப்பவர்களுக்குக் கோட்டைதான் நினைவுக்கு வரும் என்பதால் வெல்வெட் என்றே இங்கு குறிப்பிடுகிறேன். ஸ்டூடியோ ஹெட்போன்களில் இரண்டுமே உண்டு: சோனி எம்டிஆர்-7506 ரெக்சினுடன் வருகிறது, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவும் சென்ஹெய்சர் எச்டி 600-உம் வெல்வெட்டுடன் வருகின்றன.

ஒரே பின்னொளியில் இவ்விரண்டும் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. ரெக்சினில் விழும் ஒளி, பரப்பின் சாய்வும் விளக்கின் இடமும் கேமராவின் இடமும் ஒத்துவரும் பகுதியில் மட்டும் கோடாகத் திரளும். விளக்கைப் பத்து சென்டிமீட்டர் நகர்த்தினால் கோடும் நகரும். வெல்வெட்டில் அப்படி ஒரு கோடே கிடையாது. நிமிர்ந்து நிற்கும் ஆயிரக்கணக்கான இழை நுனிகள் ஒளியை வாங்கிச் சிதறடிப்பதால், குஷனின் ஓரம் முழுவதும் ஒரு மங்கலான ஒளிப்புகை சூழ்ந்து நிற்கும். விளக்கு சற்று முன்பின் இருந்தாலும் அது பெரிதாக மாறாது.

செய்முறையில் எது எளிது என்றால், மேலோட்டமாகப் பார்க்கும்போது வெல்வெட்தான் எளிது. `Principled BSDF` அமைப்பில் `Sheen` பகுதியின் `Weight` மதிப்பை உயர்த்தினால் ஓரங்கள் வெளுத்து, துணியின் சாயல் வந்துவிடும். ஆனால் `Sheen` மாற்றுவது பரப்பின் நிறத்தை மட்டுமே. பொருளின் எல்லைக்கோடு முன்பு போலவே வழித்துவிட்டது போல் இருக்கும். இங்கேதான் முன்பு போட்ட பிக்சல் கணக்கு உதவுகிறது. பூவின் உயரம் ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடங்கும் தூரத்தில் கேமரா இருந்தால், `Sheen` மட்டுமே போதும். யாருக்கும் வேறுபாடு தெரியாது. என் படத்திலோ அது ஆறு பிக்சல். கருத்த பின்னணியில், ஒளி பட்ட ஓரத்தில், ஆறு பிக்சல் அகலத்துக்கு இழைகள் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தால், அந்தக் குஷனைச் சாக்குக்கட்டி தடவிய ரப்பர் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

ஆகவே உண்மையாகவே முடி வளர்க்க வேண்டும். குஷன் முழுவதும் வளர்க்கத் தேவையில்லை. கேமராவுக்கு எல்லைக்கோடாகத் தெரியும் வெளிவளையத்தில் மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்தில் வளர்த்து, மற்ற இடங்களை `Sheen` பொறுப்பில் விட்டுவிடலாம். இழை ஒவ்வொன்றும் ஒரு பிக்சலைவிட மிக மெல்லியது என்பதால் ரெண்டரில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வரும். அதைப் போக்க, ஒவ்வொரு பிக்சலுக்கும் சோதிக்கும் ஒளிக்கதிர்களான சாம்பிள்களைக் கூட்ட வேண்டும், நேரம் கூடும். இரைச்சலை நீக்கும் டீநாய்சரை நம்பிச் சாம்பிள்களைக் குறைத்தால், அது இழைகளையும் இரைச்சல் என்றே எண்ணி அவற்றைக் குழைத்து, மறுபடி ரப்பராக்கிக் கொடுத்துவிடும். வெல்வெட்டை நம்பவைக்கும் மற்றொரு விவரம் இழைகளின் சாய்வு. யாரோ விரலால் தடவிய இடத்தில் இழைகள் வேறு திசையில் படுத்து, அந்தத் திட்டு மட்டும் வெளுத்தோ கருத்தோ தெரியும். இழைகள் அனைத்தும் ஒரே திசையில் சீராக நின்றால், கடையில் பிரிக்காத பெட்டிக்குள் இருப்பது போல் ஆகிவிடும்.

ரெக்சின் பக்கம் வருவோம். இங்கு அடிப்படை நிறத்தை முழுக் கருப்பாக வைக்கக் கூடாது, 0.02 அல்லது 0.03 வைத்தால் நிழலுக்குள்ளும் வடிவம் தப்பிப் பிழைக்கும். `Roughness` 0.45 அளவில் தொடங்கலாம். கன்னமும் காதோரமும் உராயும் மேல்வளையத்தில் 0.3 வரை குறைத்தால், பழகிய பொருளின் பளபளப்பு வரும். தானியப் புடைப்புக்கு `Object` ஆயங்களில் இயங்கும் `Voronoi Texture` ஒன்றை `Bump` வழியாக இணைத்து, `Distance` மதிப்பை 0.0002 என்று, அதாவது மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்காக வைத்தேன். பெரும்பாலான படங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். மாடலின் அளவை மாற்றிவிட்டு `Ctrl+A` அழுத்தி `Scale` நிலைப்படுத்த மறந்தால், புடைப்பும் அதே விகிதத்தில் ஊதிப்போய், குஷன் கால்பந்தின் தோல் போலாகிவிடும். ஒரு தானியம் குஷனின் தையலைவிடப் பெரிதாகத் தெரிந்தால் அளவு தவறிவிட்டது என்று பொருள்.

தானியம் எங்கே தெரிய வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். நிழல் பகுதியில் அது ஏறக்குறைய தெரியவே தெரியாது. ஒளிக்கோட்டின் ஓரத்தில், கோடு முடிந்து கருப்பு தொடங்கும் அந்தச் சிறிய இடைவெளியில்தான், கோடு பொடிப்பொடியாக உடைந்து மறைவதில் தானியம் தன்னைக் காட்டிக்கொள்கிறது. என் முதல் படத்தில் குஷன் டியூப் போல் தெரிந்ததற்குக் காரணம், ஒளிக்கோடு இருபுறமும் வழவழவென்று தேய்ந்து முடிந்ததுதான்.

சுருக்கங்களுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. தட்டையான ரெக்சினை வளையமாகச் சுற்றித் தைக்கும்போது, வெளிச்சுற்றைவிட உட்சுற்று குறுகியது என்பதால் மிஞ்சிய துணி உள்பக்கத்தில் கூடுகிறது. அதிலும் நீள்வட்டக் குஷனின் மேல், கீழ் வளைவுகளில்தான் சுருக்கம் அதிகம். பக்கவாட்டு நேர்ப்பகுதிகள் பெரும்பாலும் வழுவழுப்பாகவே இருக்கும். குஷன் முழுவதும் சீராகச் சுருக்கங்களை இறைத்தால், அது பேரீச்சம்பழத் தோலைத்தான் நினைவூட்டும். இன்னொன்று, குஷனின் எந்தப் பகுதி மேசையில் படுகிறதோ அந்தப் பகுதி உள்ளிருக்கும் பஞ்சோடு சேர்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் அமுங்கியிருக்க வேண்டும். அமுங்காத குஷன் மேசையின் மேல் மிதக்கும்.

இவ்வளவையும் எடைபோட்டு நான் ரெக்சினைத் தேர்ந்தெடுத்தேன். ரெண்டர் நேரம் குறைவு என்பது சிறிய காரணம். பெரிய காரணம், ஹெட்போன் கிண்ணத்தின் பிளாஸ்டிக் ஓரமும் குஷனின் ஓரமும் அருகருகே இருப்பது. ரெக்சினில் கிண்ணத்துக்கு ஒரு மெல்லிய கூர்மையான கோடும், குஷனுக்கு ஒரு தடித்த மென்மையான கோடும், இரண்டுக்கும் நடுவே தையல் இருக்கும் கருத்த பள்ளமும் என மூன்று அடுக்குகள் தெளிவாகப் பிரிகின்றன. கருப்பு வெல்வெட்டில் ஒளிப்புகை அந்தப் பள்ளத்தை மூடி, கிண்ணத்தின் கோட்டையும் நனைத்துவிடுகிறது. வெல்வெட்தான் வேண்டும் என்றால், டிடி 770 ப்ரோவில் இருப்பது போலச் சாம்பல் நிறத்தைத் தேர்வு செய்யுங்கள். அப்போது கிண்ணமும் குஷனும் ஒளியால் பிரியாவிட்டாலும் நிறத்தால் பிரிந்துவிடும். இது படத்துக்கான தீர்ப்பு மட்டுமே. காதில் மாட்டுவதற்கு எது நல்லது என்று கேட்டால் என் பதில் வேறு: சென்னைப் புழுக்கத்தில் என்னுடைய ரெக்சின் குஷன் கருப்புச் செதில்களாக உரிந்து சட்டைக் காலரில் ஒட்டத் தொடங்கி வெகு நாளாகிவிட்டது.

ஒயர்: கையால் வரைவதா, விழவைப்பதா

ஒயரை இயற்பியல் விதிப்படி விழவைக்கலாம் என்பது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். சிறிய உருளைகளைச் சங்கிலியாகக் கோத்து, `Rigid Body` அமைப்பில் மேசை மேல் போட்டால், புவியீர்ப்பு மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. முயன்று பார்த்தேன். ஒரு மீட்டர் ஒயருக்கு 5 மில்லிமீட்டர் உருளைகள் இருநூறு தேவைப்பட்டன. விழுந்தவை சைக்கிள் செயின் போல் குவிந்தன. இணைப்புகளுக்கு விறைப்பைக் கூட்டினால் குவியல் நடுங்கிக்கொண்டே இருந்தது. அசையும் படத்தில் யாராவது ஹெட்போனை எடுத்து வைக்கும் காட்சி என்றால் இந்தப் பாட்டைப் படத்தான் வேண்டும். அசையாத ஒரே ஒரு படத்துக்கு இது வீண்வேலை.

ஒரு பெசியர் வளைகோட்டை எடுத்து, `Bevel` பகுதியில் `Depth` மதிப்பை 0.0015 என்று வைத்தால் 3 மில்லிமீட்டர் ஒயர் கிடைக்கும். அங்கே கேட்கப்படுவது ஆரம், விட்டம் அல்ல. என் சலைன் குழாய்க்கு ஒரு காரணம் இதுதான்: 3 மில்லிமீட்டர் என்று நினைத்து 0.003 கொடுத்திருந்தேன், வந்தது 6 மில்லிமீட்டர். அடுத்த காரணம், கட்டுப்பாட்டுப் புள்ளிகள் மிக அதிகம். உண்மையான ஒயர் விறைப்புள்ளது. அதன் வளைவு மெல்லக் கூடி மெல்லக் குறையும். முப்பது புள்ளிகள் வைத்தால் ஒவ்வொன்றிலும் சிறு நெளிவு புகுந்து, ஒயர் நூடுல்ஸாகிவிடும். ஏழெட்டுப் புள்ளிகளுக்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் பின்னொளியில் ஒயரை நம்பவைப்பது மேலிருந்து தெரியும் வளைவு அன்று. மேசையிலிருந்து அது எழும்பும் உயரம். ஒளி பின்னாலிருந்து வருவதால் ஒயரின் நிழல் கேமராவை நோக்கி விழுகிறது. ஒயர் மேசையைத் தொடும் இடத்தில் நிழல் அதனுடன் ஒட்டியிருக்கும். ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் ஒயருக்கும் நிழலுக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கீற்று தெரியும். பெட்டியில் சுருட்டி வைக்கப்பட்டிருந்த ஒயர் அந்த மடிப்புகளை எளிதில் மறப்பதில்லை. ஆங்காங்கே நாலைந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எழும்பியே நிற்கும். நெடுகிலும் மேசையோடு ஒட்டிக் கிடக்கும் ஒயர், மேசையில் வரைந்த கோடு போலத்தான் இருக்கும். ஒயர் தன்னைத் தானே கடக்கும் இடத்தில் மேலே செல்லும் பகுதியின் மையம் 1.5 மில்லிமீட்டரிலிருந்து 4.5 மில்லிமீட்டருக்கு உயர வேண்டும். அந்த ஏற்றத்தைக் கடக்கும் புள்ளியிலேயே திடீரென்று வைக்காமல், இருபுறமும் மூன்று சென்டிமீட்டருக்குப் பரப்பி, ஒரு தாழ்ந்த பாலம் போல் அமைத்தேன். கிண்ணத்திலிருந்து புறப்படும் இடத்திலும் ஒயர் நேராகக் கீழே தொங்காது. அங்குள்ள ரப்பர் கழுத்து காட்டும் திசையில் சற்றுத் தூரம் சென்ற பிறகே வளைந்து இறங்கும். ஒற்றை ஒயர் ஹெட்போன்களில் அந்தக் கழுத்து இடது கிண்ணத்தில்தான் பெரும்பாலும் இருக்கும்.

சுருள் ஒயரையும் யோசித்தேன். ஆனால் விளிம்பொளியில் ஒவ்வொரு சுருளும் ஒரு மினுக்கலைப் பிடித்துக்கொண்டு, மேசையின் குறுக்கே சீரியல் பல்பு தொங்கவிட்டது போலாகிவிட்டது. பார்வை குஷன் பக்கம் திரும்பவே இல்லை.

முடிவில் காட்சி இப்படி அமைந்தது. ஹெட்போன் பக்கவாட்டில் கிடக்கிறது. தலைப்பட்டை கேமராவுக்கு அப்பால். இடது கிண்ணத்தின் குஷன் முக்கால்வாசி நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது. பின் இடப்புறம் பட்டை விளக்கு 20 வாட், பின் வலப்புறம் அதே அளவுள்ள மற்றொன்று 6 வாட், மேலே நிழலைச் சற்றுத் தளர்த்த ஒரு பெரிய விளக்கு 3 வாட். இரண்டு பின்விளக்குகளையும் சம வலுவில் வைத்தபோது ஹெட்போனைச் சுற்றிக் கோலம் போட்டது போல் கோடு மூடிக்கொண்டது. ஒன்றைத் தணித்த பிறகே உருண்டை வடிவம் திரும்பியது. ஒளியின் அளவுகளைத் திரையின் நிறங்களாக மாற்றும் `View Transform` அமைப்பு `AgX` நிலையில் இருக்கிறது. `Standard` வைத்தால் ஒளிக்கோட்டின் நடுப்பகுதி வெறும் வெள்ளையாகி, அவ்வளவு சிரமப்பட்டு அமைத்த தானியம் அதற்குள் தொலைந்துவிடுகிறது.

ஒயர் சட்டத்தின் இடது ஓரத்தில் வெளியேறி, கீழ்ப்புறமாக மீண்டும் உள்ளே வந்து பிளக்கில் முடிகிறது. இதனால் அதன் மொத்த நீளம் எவ்வளவு என்று யாரும் அளந்து பார்க்க முடியாது. கடைசி நாளில் மாற்றியது அந்தப் பிளக்கைத்தான். 3.5 மில்லிமீட்டர் தண்டில் அழகுக்காக மூன்று கருப்பு வளையங்கள் போட்டிருந்தேன். மூன்று வளையம் என்றால் நான்கு தொடர்புகள், அதாவது மைக்கும் சேர்ந்த ஒயர். என் ஒயரில் மைக் எங்கும் இல்லை. ஒரு வளையத்தை அழித்துவிட்டு மறுபடி ரெண்டர் போட்டேன்.